ரெண்டு உசுருக்குச் சாப்பிடணுமா? கர்ப்ப கால ஆசையும் எடைக் கணக்கும்

"எனக்கு முதல் பிரசவம், 22ஆவது வாரம் நடக்குது. உயரம் 158 செ.மீ. கர்ப்பத்துக்கு முன்னாடி 64 கிலோ, இப்போ 72. போன நாலு வாரத்துல மட்டும் 3 கிலோ ஏறிடுச்சு. அம்மாவும் மாமியாரும் 'ரெண்டு உசுரு, நல்லா சாப்பிடு'ன்னு காலையில ஒரு தோசை கூட வைக்கிறாங்க, மதியம் சாதத்துல நெய், சாயங்காலம் கூடுதலா ஒரு டம்ளர் சத்துப் பவுடர் போட்ட பால். ராத்திரி பத்து மணிக்கு மிக்சர், ஐஸ்கிரீம் மேல அப்படி ஒரு ஆசை வருது. அடக்கினா குழந்தைக்குக் காதுல சீழ் வடியும்ங்கிறாங்க. டாக்டர் 'வெயிட் ஜாஸ்தி, பார்த்துக்கோங்க'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார். நான் டயட் இருக்கணுமா? ஆசை வருதுன்னா அந்தச் சத்து உடம்புக்குத் தேவைன்னு அர்த்தமா?"

டயட் இருக்க வேண்டாம். ஏறிய எடையை இறக்கவும் வேண்டாம். இனி ஏறும் வேகம் குறைந்தால் போதும், அதுவும் நீங்கள் பயப்படும் அளவுக்குக் கஷ்டமானதில்லை. நீங்களே எழுதியிருக்கும் விவரங்களை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உணவியல் ஆலோசகராக இருப்பதால் இந்தக் கேள்வி வாராவாரம் என்னிடம் வருகிறது. ஆனால் இத்தனை விவரத்தோடு கேட்பவர்கள் குறைவு.

முதலில் அந்த இரண்டாவது உயிர் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 12 வாரத்தில் குழந்தையின் எடை 15 கிராம் பக்கம்தான். 20ஆவது வாரத்தில் ஏறக்குறைய 300 கிராம். இப்போது உங்கள் வயிற்றில் இருக்கும் குழந்தை இன்னும் அரை கிலோவை எட்டியிருக்காது. ஒரு முழு ஆள் சாப்பிடும் சாப்பாடு அதற்கு எங்கே தேவைப்படும்? கர்ப்பத்துக்கான கூடுதல் உணவு எவ்வளவு என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் சொல்லியிருக்கிறார்கள்: நாளுக்கு 350 கலோரி. அதிகம் அலையாத வேலை செய்யும் பெண்ணுக்கு அதே பரிந்துரை சொல்லும் அன்றாடத் தேவை 1,660 கலோரி. அப்படியானால் கூடுவது ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு மடங்கு இல்லை. அந்தக் கூடுதலும் நாலாவது மாதத்திலிருந்துதான். முதல் மூன்று மாதம் எதையும் கூட்டிச் சாப்பிட வேண்டிய அவசியமே இல்லை. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை இன்னும் கறாராகப் பேசுகிறது: முதல் ஆறு மாதம் ஒன்றும் கூட்டாதே, கடைசி மூன்று மாதம் 200 கலோரி போதும் என்கிறது. நாட்டுக்கு நாடு எண் மாறலாம். ஆனால் இரட்டிப்பாகச் சாப்பிடச் சொல்பவர் எங்கேயும் இல்லை.

350 கலோரியை நம் வீட்டுத் தட்டில் வைத்தால் எவ்வளவு வரும்? சர்க்கரை இல்லாமல் ஒரு டம்ளர் பால், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு வாழைப்பழம், சின்னக் கைப்பிடி வேர்க்கடலை. அவ்வளவுதான், நாள் முழுவதற்கும் சேர்த்து. சைவம் என்றால் முட்டைக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். இதில் கவனிக்க வேண்டியது, கலோரி கொஞ்சம்தான் கூடுகிறது, ஆனால் புரதமும் இரும்பும் அதைவிட அதிக விகிதத்தில் கூட வேண்டியிருக்கிறது. ஐசிஎம்ஆர் கணக்கில் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் நாளுக்கு 22 கிராம் புரதம் கூட வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் என்றால் இது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே கூடுதல் தோசையாலும் நெய்யாலும் 'ரெண்டு உசுருக்கு' வைப்பவர்கள் தேவை கம்மியாக இருக்கும் இடத்தில் அள்ளிப் போடுகிறார்கள், தேவை அதிகமாக இருக்கும் இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

இனி எடைக்கு வருவோம். எவ்வளவு ஏறலாம் என்பது கர்ப்பத்துக்கு முன் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உலகம் முழுக்க மருத்துவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009இல் வெளியிட்ட வரம்புகள். எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ. உங்களுக்கு 64ஐ 1.58ஆல் இருமுறை வகுத்தால் 25.6 வருகிறது. 25க்கு மேல் 30க்குள் இருப்பவர்களுக்கு அந்த வரம்பு முழுக் கர்ப்பத்துக்கும் 7 முதல் 11.5 கிலோ. 18.5க்கும் 25க்கும் நடுவில் இருந்திருந்தால் 11.5 முதல் 16 கிலோ வரை போகலாம். 30ஐத் தாண்டியவர்களுக்கு 5 முதல் 9 கிலோ. நம் ஊர் உடல்வாகில் வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோயும் சீக்கிரமே வருவதால் 23க்கு மேலேயே அதிக எடை என்று இந்திய மருத்துவர்கள் கணக்கிடுவது உண்டு. அதனால் 23, 24 பிஎம்ஐ உள்ள பெண்ணிடம் '16 கிலோ வரை ஏறலாம்' என்று நான் சொல்வதில்லை. கீழ் எல்லையான 11.5 பக்கமே நில்லுங்கள் என்பேன்.

இந்த எடை எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சராசரியாக 12 கிலோ சொச்சம் ஏறும் ஒரு கர்ப்பத்தில் பிரசவ நேரத்தில் குழந்தை 3 கிலோ சொச்சம். நஞ்சுக்கொடி, பனிக்குடத் தண்ணீர், வளர்ந்த கருப்பை, மார்பகம், கூடிய ரத்தம், உடம்பில் தங்கும் நீர் எல்லாம் சேர்ந்து ஐந்தாறு கிலோ. மிச்சம் 3 கிலோ சொச்சம் அம்மாவின் கொழுப்புச் சேமிப்பு. சுவாரசியமானது என்னவென்றால், பாதி வழியில், அதாவது 20ஆவது வாரத்தில், மொத்தம் ஏறியிருக்க வேண்டியது 4 கிலோ அளவுதான். அதில் பாதி, கிட்டத்தட்ட 2 கிலோ, கொழுப்பு. குழந்தை தின்று தீர்ப்பதற்கு முன்பே, பின்னால் வரும் தேவைக்கும் பால் கொடுக்கவும் உடம்பு எடுத்து வைக்கிறது. மூளையில் 'போதும்' என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனின் குரல் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் எடுபடாமல் போகிறது, புரொஜெஸ்டிரோனும் பசியைக் கூட்டுகிறது. ஆகவே நாலு, ஐந்து, ஆறு மாதத்தில் உங்களுக்கு வரும் பசி நிஜப் பசிதான், நாடகமில்லை. உடம்பே சேமிக்கத் துடிக்கிற அதே மாதங்களில் வீட்டாரும் சேர்ந்து ஊட்டினால் சேமிப்பு அளவு மீறிவிடுகிறது.

உங்கள் கணக்கு இப்படி வருகிறது. முதல் 13 வாரத்தில் அரை கிலோ முதல் 2 கிலோ, பிறகு உங்கள் பிஎம்ஐக்கு வாரம் சராசரி 280 கிராம் வீதம் 9 வாரத்துக்கு 2.5 கிலோ. இப்போது 3 முதல் 4.5 கிலோ ஏறியிருந்தால் சரியான பாதை. நீங்கள் 8 கிலோவில் நிற்கிறீர்கள். போன நாலு வாரத்து வேகத்திலேயே போனால், வாரம் 750 கிராம் வீதம் மிச்சமுள்ள 18 வாரத்தில் இன்னும் 13.5 கிலோ ஏறும், மொத்தம் 21ஐத் தாண்டும். இன்று முதல் வாரம் 280 கிராமுக்கு இறக்கினால் இன்னும் 5 கிலோ, மொத்தம் 13, பிரசவத்துக்குப் போகும்போது 77 கிலோ. வரம்பை ஒன்றரை கிலோ தாண்டியிருப்பீர்கள். அதற்காக யாரும் உங்களைத் திட்டக் கூடாது, நீங்களும் திட்டிக்கொள்ள வேண்டாம். 21க்கும் 13க்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது: குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாவது, சிசேரியனுக்குப் போவது, பிரசவத்துக்குப் பிறகு இறங்காமல் தங்கிவிடும் எடை, அடுத்த கர்ப்பத்தை அந்தக் கூடிய எடையிலேயே தொடங்குவது எல்லாம் அந்த இடைவெளியில்தான் கூடுகின்றன.

அந்த நாலு வாரத்து 3 கிலோவைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஏற வேண்டியது 1.1 கிலோ, கூடுதலாக ஏறியது 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது முழுக்கக் கொழுப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி, 2 கிலோவுக்கு 15,400. 28 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 550 கலோரி. இப்போது உங்கள் பட்டியல். கூடுதல் தோசை எண்ணெயோடு 130. மதியம் ஒரு பெரிய கரண்டி நெய் 130. சர்க்கரையும் பவுடரும் போட்ட பால் 200. இரவு மிக்சர் 50 கிராம், அதாவது ஒரு குட்டிக் கிண்ணம், 260. ஒரு கப் ஐஸ்கிரீம் 180. மொத்தம் 900. உங்களுக்கு அனுமதியான 350ஐக் கழித்தால் 550. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது தற்செயல்தான். தோசையின் கனத்தையும் நெய்க் கரண்டியின் ஆழத்தையும் பொறுத்து நூறு இருநூறு முன்பின் இருக்கும், ஏறியதில் கொஞ்சம் தண்ணீராகவும் இருக்கலாம். ஆனாலும் இதில் பெருந்தீனி எதுவும் இல்லை என்பது தெரிகிறதா? யாரும் ரெண்டு பேருக்குச் சாப்பிடவில்லை. ஒன்றரை ஆளுக்குச் சாப்பிட்டாலே மாதம் 2 கிலோ கூடிவிடுகிறது. 'நான் அப்படி ஒண்ணும் சாப்பிடலையே' என்று கண்கலங்கும் பெண்கள் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

சரி, ஆசை. உடம்புக்கு எது குறைகிறதோ அதை நாக்கு கேட்கிறது என்ற விளக்கம் கேட்க அழகாக இருக்கிறது. நானும் ஆரம்பத்தில் படித்த புத்தகங்களில் அது இருந்தது. ஆனால் நெருங்கிப் பார்த்தால் நிற்பதில்லை. கால்சியம் குறைந்துதான் ஐஸ்கிரீம் ஆசை வருகிறது என்றால், அதைவிடக் கால்சியம் நிறைந்த கேழ்வரகுக் கூழ் மேலோ மத்தி மீன் மேலோ ராத்திரி பத்து மணிக்கு ஆசை வர வேண்டும். இரும்பு குறைவான இத்தனை பெண்கள் இருக்கும் ஊரில் முருங்கைக்கீரைக்காகவும் ஈரலுக்காகவும் ஏங்கி அழுபவரை நான் இன்னும் பார்க்கவில்லை. இன்னொன்று, ஆசைகள் முதல் மூன்று மாதத்தின் கடைசியில் தலைகாட்டி, நடு மூன்று மாதத்தில் உச்சிக்குப் போய், கடைசி மூன்று மாதத்தில் தணிகின்றன. குழந்தை வேகமாக வளர்ந்து சத்தை அதிகம் இழுப்பதோ கடைசி மூன்று மாதத்தில். தேவை கூடும்போது ஆசை குறைகிறது என்றால் ஆசையைத் தேவையின் அளவுகோலாக எப்படி எடுத்துக்கொள்வது? அமெரிக்காவில் ஆல்பனி பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர் ஜூலியா ஹோர்ம்ஸ் தன் சக ஆய்வாளரோடு 2014இல் இந்த விளக்கங்களையெல்லாம் வரிசையாக வைத்து அலசினார். சத்துக் குறைபாடு என்ற விளக்கத்துக்கு ஆதாரம் மிகச் சொற்பம் என்பதே அவர்கள் கண்டது. ஊர்ப் பழக்கமும் மனமும் சார்ந்த விளக்கத்தில்தான் மேற்கொண்டு தேடத் தகுந்த விஷயம் இருக்கிறது என்றார்கள். அங்கே சாக்லேட்டுக்கு ஏங்குகிறார்கள், இங்கே மாங்காய்க்கும் புளிக்கும். உடம்பு ஒன்றுதான், வளர்ந்த சமையலறை வேறு.

மசக்கையின் மாங்காய்க்கு மட்டும் உடம்பு சார்ந்த ஒரு காரணம் உண்டு, அதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதங்களில் குமட்டலும் வாயில் இரும்புச் சுவை போன்ற கசப்பும் இருக்கும். புளிப்பு எச்சிலை ஊற வைத்து அந்தச் சுவையை மழுங்கடிக்கிறது, அதனால் நாக்கு அதைத் தேடுகிறது. இந்த ஆசையால் யாருக்கும் எடை ஏறுவதில்லை. உப்பும் மிளகாய்த் தூளும் தொட்ட நாலு துண்டு மாங்காயில் கலோரி கணக்குப் போடவே ஒன்றுமில்லை. வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும் என்பதால் நாள் முழுக்க பிஸ்கட், ரஸ்க் என்று கொறித்துக்கொண்டே இருப்பதுதான் அந்த மாதங்களில் எடையை ஏற்றுகிறது. குமட்டல் நின்ற பிறகும் அந்தக் கொறிக்கும் பழக்கம் நிற்காமல் தொடர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் மாதத்து இரவு ஆசை வேறு ரகம். அதில் பெரும்பங்கு அனுமதியைச் சார்ந்தது என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்ட பெண்ணிடம், வாழ்க்கையில் முதல் தடவையாக, 'உனக்கு என்ன வேணும்மா, சொல்லு' என்று எல்லோரும் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் எடை கூடிவிடும் என்று தள்ளி வைத்த பண்டம் எல்லாம் இப்போது குழந்தையின் பெயரால் நியாயமாகிறது. கேட்டால் கணவர் பத்தரை மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருகிறார். அந்த ஐஸ்கிரீமில் ஐஸ்கிரீம் மட்டும் இல்லை, நீங்களும் அறிவீர்கள். இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆசை தன்னளவில் ஒரு கிராம்கூட எடை ஏற்றாது. அது எத்தனை தடவை வருகிறது, வரும்போது எவ்வளவு உள்ளே போகிறது, 'குழந்தை கேட்குது' என்ற வார்த்தை அந்த அளவை எவ்வளவு தளர்த்துகிறது என்பதுதான் எடையைத் தீர்மானிக்கிறது. ஹோர்ம்ஸ் குழுவின் பிந்தைய ஆய்விலும், ஆசைக்கு அடிக்கடி ஆட்படும் பெண்களிடம் வரம்பு மீறிய எடை கூடுதலாக இருந்தது.

காதில் சீழ் வடியும் என்பது என் பாட்டி காலத்திலிருந்து வரும் பேச்சு. கைக்குழந்தைக்குக் காதில் சீழ் வடிவது நடுக்காதில் கிருமித் தொற்று வந்தால். சளி பிடித்த பிறகு வரும், படுக்க வைத்தபடியே பாட்டிலில் பால் கொடுத்தாலும் வரலாம். அம்மா ஆறாம் மாதத்தில் ஜிலேபி சாப்பிட்டாரா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கர்ப்பிணிக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைக்கட்டும் என்று யாரோ புத்திசாலிப் பாட்டி மிரட்டலாக இதைக் கட்டிவிட்டிருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடான வீடுகளில் அந்த மிரட்டலுக்கு ஒரு வேலை இருந்திருக்கும்.

ஒரு வகை ஆசையை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். திருநீறு, சாம்பல், செங்கல் தூள், மண், சிலேட்டுக் குச்சி, பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பது, ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியைக் கடித்துக் கடித்துத் தின்பது. உணவல்லாதவற்றின் மேல் வரும் இந்த ஆசைக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் உறுதியான தொடர்பு இருக்கிறது, ஐஸ் கட்டிக்கு இன்னும் நெருக்கமான தொடர்பு. 'ஆசை வந்தால் ஏதோ குறைகிறது' என்ற பழைய நம்பிக்கை உண்மையாகும் ஒரே இடம் இதுதான், இங்கேயும் கேட்கும் பொருளில் தேவையான சத்து இல்லை. மண்ணில் ஈயமும் புழு முட்டையும் இருக்கலாம். பச்சரிசியை ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி மென்றால் எடையும் ஏறும், ரத்தசோகையும் அப்படியே இருக்கும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. எனவே இப்படி ஒரு ஆசை இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு மாத்திரையை டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாமல் தள்ளிப் போட்டால்தான் உடம்பில் ஏறும். சரியாக எடுத்துக்கொள்ளத் தொடங்கினால், ஹீமோகுளோபின் எண் ஏறுவதற்கு முன்பே ஐஸ் கட்டி ஆசை போய்விடுவது உண்டு.

உங்கள் தட்டுக்குத் திரும்புகிறேன். 900இல் 350 உங்களுடையது, 550ஐ மட்டும்தான் எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கை வைப்பது உங்களுக்கு ஆசையே இல்லாதவற்றின் மேல். கூடுதல் தோசையை நீங்கள் கேட்கவில்லை, வைக்கிறார்கள். அது போகட்டும். நெய்யைப் பெரிய கரண்டியிலிருந்து ஒரு டீஸ்பூனாக மாற்றினால் 90 குறையும், வாசனை அப்படியே இருக்கும். பாலில் சர்க்கரையையும் பவுடரையும் விட்டுவிட்டால் 80 குறையும். 'கர்ப்பிணிகளுக்கான' பவுடர்களில் பலவற்றின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் சர்க்கரையோ மால்ட்டோ முதல் இரண்டு மூன்று பெயருக்குள் இருக்கும். டாக்டர் குறிப்பிட்டு எழுதித் தந்ததாக இருந்தால் அவரிடமே கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். இந்த மூன்றிலேயே 300 போய்விட்டது, இன்னும் உங்கள் ஆசையின் பக்கமே நாம் போகவில்லை.

மிச்சம் 250தான் இரவு பத்து மணிக்கு உரியது. அந்த நேரத்தில் வருவது பசியா ஆசையா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அப்போது யாராவது ஒரு கிண்ணம் சுண்டலோ முட்டையோ நீட்டினால் சாப்பிடுவீர்களா? சாப்பிடுவேன் என்றால் அது பசி. இல்லை, அந்த மிக்சர்தான் வேண்டும் என்றால் ஆசை. பசி என்றால் கோளாறு ராத்திரி பத்து மணியில் இல்லை, சாயங்காலத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் இரவு டிபன் பெரும்பாலும் வெறும் மாவு: மூன்று இட்லி, கொஞ்சம் சட்னி, ஏழரைக்கே முடிந்துவிடும். இரண்டரை மணி நேரத்தில் வயிறு கூப்பிடாமல் என்ன செய்யும்? சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுண்டலும், இரவு இட்லியோடு கெட்டியான பருப்பு சாம்பாரும் ஒரு முட்டையும் அல்லது பன்னீரும் இருந்தால் பாதி நாட்கள் அந்த அழைப்பு வராது. வரும் நாட்களில் மோரோ ஒரு பழமோ போதுமானதாக இருக்கும். ஆசைதான் என்றால் அடக்க வேண்டாம். மிக்சரைப் பொட்டலத்தோடு மடியில் வைத்துக்கொள்ளாமல் கிண்ணத்தில் இரண்டு டேபிள்ஸ்பூன் எடுத்துவிட்டுப் பொட்டலத்தை மூடிவையுங்கள். ஐஸ்கிரீமைக் குடும்ப டப்பாவாக வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்காமல், வேண்டும் என்ற நாளில் சின்னக் கப் ஒன்று வாங்குங்கள், வாரத்தில் இரண்டு நாள். முழுக்கத் தடை போட்டுப் பார்த்தவர்கள் நாலாம் நாள் டப்பாவோடு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் தடையில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடுவது, இரவு பட்டினி, வெறும் பழத்தில் ஓட்டுவது எதுவும் கூடாது. கர்ப்பத்தில் பட்டினி இருந்தால் மற்ற நேரத்தைவிடச் சீக்கிரமே உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற பொருளை உண்டாக்கத் தொடங்கிவிடும், அது குழந்தைக்கு நல்லதல்ல. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாத வரை சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் நடக்கலாம்.

எடையை வாரம் ஒரு நாள், அதே தராசில், காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு, சாப்பிடும் முன் பாருங்கள். தினமும் பார்த்தால் தண்ணீர் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வீணாகப் பதறுவீர்கள். முதல் இரண்டு வாரம் எடை அப்படியே நின்றாலும் கவலை இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், அதுவும் முகமும் கையும் வீங்கி, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று ஏதாவது சேர்ந்தால், அது சாப்பாட்டால் ஏறிய எடையாக இருக்காது. ரத்த அழுத்தம் கூடி உடம்பில் நீர் தேங்குகிறது என்று சந்தேகித்து அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 140க்கு 90ஐத் தொட்டாலே அவர்கள் கவனிப்பார்கள்.

சர்க்கரைப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் அந்தப் பரிசோதனை நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் உண்டு, 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்ப கால நீரிழிவு. முதல் மாதங்களில் ஒரு தடவை எடுத்து நார்மல் என்று வந்திருந்தாலும் 24க்கும் 28க்கும் இடைப்பட்ட வாரங்களில் மறுபடி எடுக்க வேண்டும், உங்களுக்கு அது இன்னும் இரண்டு வாரத்தில் வருகிறது. இனிப்பு ஆசை வருவதால் சர்க்கரை இருக்கிறது என்றும் இல்லை, ஆசை இல்லாததால் இல்லை என்றும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது, ரத்தம் எடுத்தால்தான் தெரியும். அந்த எண் கூடி வந்தால் மேலே நான் சொன்ன ஐஸ்கிரீம் கணக்கு செல்லாது, தனி உணவுத் திட்டம் வேண்டும்.

இதைப் படிக்கும் வேறொருவர் 44 கிலோவில் கர்ப்பமாகி, 'ஆமா, கம்மியாத்தான் சாப்பிடணும் போல' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். நம் ஊரில் ரெண்டு உசுருக்குச் சாப்பிடச் சொல்பவர்கள் இருக்கிற அளவுக்கு, 'நிறைய சாப்பிட்டா பிள்ளை பெருத்துடும், பிரசவம் கஷ்டமாயிடும்' என்று தட்டைக் குறைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பிஎம்ஐ 18.5க்குக் கீழே இருக்கும் பெண் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும், வாரம் அரை கிலோ. அவருக்கு அந்தக் கூடுதல் தோசையும் நெய்யும் வேண்டும், இடையில் இன்னொரு வேளையும் வேண்டும். எடை ஏறாமல் போனால் குழந்தை எடை குறைந்து பிறக்கும் ஆபத்து கூடுகிறது. உங்களுக்கு நான் சொன்ன கணக்கை அவர் எடுத்துக்கொண்டால் அது தவறான மருந்து.

அடுத்து உங்களுக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு வரும். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றையும் சாப்பிடுங்கள், ஒரு நாள் விருந்தால் எந்த வரம்பும் உடையாது. சிக்கல் மறுநாள் தொடங்குகிறது. வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன அதிரசமும் முறுக்கும் லட்டும் தூக்குச் சட்டிகளில் பத்து நாள் நிற்கும், பத்து நாளும் ராத்திரி பத்து மணி வரும். அன்றைக்கே பாதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். மாமியாரிடம் 'சாப்பிட மாட்டேன்' என்று சொல்வதைவிட, 'அத்தை, தோசைக்குப் பதிலா ஒரு முட்டை வேகவைச்சுத் தர்றீங்களா, சாயங்காலம் கொஞ்சம் சுண்டல் வேணும்' என்று கேட்டால் வேலை சுலபமாக நடக்கும். அவருக்கு வேண்டியது நீங்கள் ஏதாவது கேட்க வேண்டும், அவர் செய்து தர வேண்டும் என்பதுதான்.